பத்திரிகை நெற்றியில் ஒரு பழைய எழுத்து

1967 பிப்ரவரி 21 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி காணாமல் போனது. பக்கத்தின் உச்சியில் இருக்கும் பத்திரிகைப் பெயருக்குப் பின்னால் அதுவரை ஒரு புள்ளி வைத்துவந்தார்கள். அன்று அதை எடுத்துவிட்டார்கள். எட் பெங்கியட் என்ற எழுத்து வடிவமைப்பாளர் அந்தப் பெயரையே புதிதாக வரைந்து கொடுத்திருந்தார். அதற்கு முன்பு, 1896-இல், ‘நியூ’வுக்கும் ‘யார்க்’குக்கும் நடுவே இருந்த இணைப்புக்கோடு போயிருந்தது. பத்திரிகை 1851-இல் தொடங்கியபோது பெயரில் ‘டெய்லி’ என்ற சொல்லும் இருந்தது. அதுவும் சில ஆண்டுகளிலேயே போனது. இத்தனை திருத்தங்கள் வந்தும் ஒன்றில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. அது அந்தப் பெயரின் எழுத்து வகை.

தடித்த, கறுத்த, கோணல் கோணலாக முறிந்த எழுத்து அது. ஆங்கிலத்தில் பிளாக்லெட்டர் என்பார்கள். கோதிக் என்றும் ஓல்டு இங்கிலீஷ் என்றும் சொல்வதுண்டு. நம் ஊர்ப் பட்டச் சான்றிதழ்களின் ஆங்கிலத் தலைப்பிலும், சில பீர் பாட்டில்களின் லேபிளிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். ‘வாஷிங்டன் போஸ்ட்’, லண்டனின் ‘டெய்லி டெலிகிராஃப்’, பாரிஸின் ‘லெ மோந்த்’, ஜெர்மனியின் ‘ஃபிராங்க்ஃபுர்ட்டர் அல்கெமைன’ என்று உலகின் பல பெரிய நாளிதழ்கள் தங்கள் பெயரை இந்த எழுத்து வகையில்தான் போடுகின்றன. ஆனால் அதே பத்திரிகைகளில் எதுவும் இன்று ஒரு செய்தியைக்கூட இந்த எழுத்தில் அச்சிடாது. அச்சிட்டால் வாசகர் முதல் பத்தியைத் தாண்ட மாட்டார்.

செய்திக்கு ஆகாத எழுத்து பெயருக்கு மட்டும் எப்படிப் பொருந்துகிறது? மதுக்கடை வாசலில் ஏன் அது எடுபடுகிறது, எங்கே சறுக்குகிறது? இதற்கு விடை வேண்டுமானால், அந்த எழுத்து ஏன் படிக்கக் கடினமாக இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இறகுப் பேனாவின் பிள்ளை

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவில் இந்த எழுத்து உருவானது. அதற்கு முன்பு அங்கே புழங்கிய கையெழுத்து உருண்டையாகவும் அகலமாகவும் இருந்தது. பாரிஸ், போலோனியா, ஆக்ஸ்ஃபோர்டு போன்ற ஊர்களில் பல்கலைக்கழகங்கள் வளர்ந்தபோது நூல்களின் தேவை பெருகியது. எழுதுவதோ விலங்குத் தோலைப் பதப்படுத்திய தாளில். அதன் விலை அதிகம். ஒரு பக்கத்தில் அதிக எழுத்துகள் அடங்க வேண்டுமானால் ஒவ்வோர் எழுத்தும் ஒடுங்க வேண்டும். உருண்டைகள் ஒடுங்கி, நேர்க்கோடுகளாக நிமிர்ந்தன.

எழுதுகருவியும் அதற்கு ஒத்துழைத்தது. பறவை இறகின் நுனியைத் தட்டையாகச் சீவி, ஏறத்தாழ 45 பாகை சாய்வில் பிடித்து எழுதினார்கள். அந்தப் பேனாவை மேலிருந்து கீழே இழுத்தால் தடித்த கோடு வரும். நுனியின் சாய்வுப் போக்கிலேயே நகர்த்தினால் மயிரிழை போன்ற மெல்லிய கோடு வரும். கோட்டின் தலையிலும் அடியிலும் பேனாவைச் சற்றே அழுத்தி நிறுத்தினால் ஒரு சாய்சதுரம் விழும். இந்த மூன்று அசைவுகளை வைத்தே பெரும்பாலான சின்ன எழுத்துகளையும் எழுதிவிடலாம். ஆங்கில ‘ஓ’ எழுத்தைக்கூட வட்டமாகச் சுழற்றாமல், இரண்டு நேர்க்கோடுகளை நிறுத்தி, மேலும் கீழும் சாய்வாக இணைத்து ஆறு பக்கமுள்ள வடிவமாக எழுதினார்கள்.

மாய்ன்ஸ் நகரில் 1455-ஐ ஒட்டி கூட்டன்பர்க் தன் விவிலியத்தை அச்சிட்டபோது, தேவாலய நூல்களை எழுதிய இந்தக் கையெழுத்தையே ஈயத்தில் வார்த்தார். ஓர் எழுத்துக்கு ஒரு வடிவம் என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஒட்டெழுத்துகளும் சுருக்கக் குறிகளும் அகலம் மாறும் வடிவங்களுமாக ஏறத்தாழ 290 அச்சுகளைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு வரியின் கறுப்பும் ஒரே சீராகப் பரவ வேண்டும் என்பதே அவருடைய கவலை. கண் எங்கும் தடுக்காத, இடைவெளி எங்கும் பிளக்காத பக்கம்தான் அன்றைய அழகு.

அந்தச் சீர்மைதான் இன்று நமக்கு இடறுகிறது.

பதினைந்து கோடுகளில் ஒரு சொல்

‘மினிமம்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். ‘எம்’, ‘ஐ’, ‘என்’, ‘ஐ’, ‘எம்’, ‘யு’, ‘எம்’ என ஏழு எழுத்துகள். பிளாக்லெட்டரில் ‘ஐ’ என்பது ஒரு நேர்க்கோடு. ‘என்’னும் ‘யு’வும் இரண்டிரண்டு கோடுகள். ‘எம்’ மூன்று கோடுகள். கூட்டினால் பதினைந்து. எல்லாம் ஒரே உயரம், ஒரே தடிமன். ஓர் எழுத்துக்குள் இருக்கும் இரு கோடுகளின் இடைவெளியும், அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளின் இடைவெளியும் ஒரே அளவு. எந்தக் கோடு எந்த எழுத்தைச் சேர்ந்தது என்பதை அவற்றை இணைக்கும் மயிரிழைதான் சொல்ல வேண்டும். மை மங்கினால் முதலில் மறைவதும் அந்த மயிரிழைதான்.

எழுதியவர்களுக்கும் இந்தத் தொல்லை தெரிந்தே இருந்தது. ‘ஐ’ எழுத்தின் தலையில் இன்று நாம் வைக்கும் புள்ளி, கோட்டுக் கூட்டத்துக்குள் அதை அடையாளம் காட்டுவதற்காகப் போட்ட சிறு கீறலிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் ‘லவ்’, ‘சன்’, ‘மங்க்’ போன்ற சொற்களில் உச்சரிப்புக்குப் பொருந்தாமல் ‘யு’வுக்குப் பதில் ‘ஓ’ இருப்பதற்கும் மொழியறிஞர்கள் பலர் இதையே காரணமாகச் சொல்வார்கள். பக்கத்தில் கோடுகள் குவிந்திருக்கும் இடத்தில் ‘யு’ எழுதினால் குழம்பும் என்று மூடிய வடிவமான ‘ஓ’வைப் போட்டிருக்கிறார்கள்.

நம் ஓலைச்சுவடிகளை நினைத்தால் இது எளிதில் விளங்கும். சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. காலும் ‘ர’கரமும் ஒரே வடிவம். எகர ஏகார வேறுபாடும் தெரியாது. பாட்டை ஏற்கெனவே அறிந்தவருக்கு ஓலை தடையின்றி ஓடும். புதிதாக எடுப்பவர் ஒவ்வோர் அடியிலும் நிற்பார். பிளாக்லெட்டரின் நிலையும் அதுதான். லத்தீன் செபத்தை மனப்பாடமாக அறிந்த துறவிக்கு அந்தக் கோடுகள் போதுமானவை. அறிமுகமில்லாத சொல்லை முதல் தடவை படிப்பவருக்கு அவை போதாது.

கோடுகளின் சிக்கல் ஒரு பாதி. மறுபாதி பழக்கமின்மை. இந்தக் குடும்பத்தில் ஜெர்மனியில் அதிகம் புழங்கிய வகையான ஃப்ராக்டூரில் பெரிய ‘ஏ’ எழுத்து நம் கண்ணுக்கு ‘யு’ போலத் தெரியும். ‘பி’யும் ‘வி’யும் நெருங்கிய சாயல். ‘என்’னும் ‘ஆர்’உம் குழப்பும். ‘ஐ’க்கும் ‘ஜே’க்கும் பெரும்பாலும் ஒரே வடிவம். சொல்லின் நடுவே வரும் ‘எஸ்’ நெடிதாக நிமிர்ந்து ‘எஃப்’ போலவே நிற்கும். குறுக்குக்கோடு முழுதாக இருந்தால் ‘எஃப்’, இல்லையென்றால் ‘எஸ்’.

ஆனாலும் ஜெர்மானியர்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த எழுத்தில் நாவலும் நாளிதழும் மருத்துவ நூலும் படித்தார்கள். பள்ளியில் குழந்தைகள் இதில்தான் வாசிக்கக் கற்றார்கள். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் தொடர் அறிக்கைகளாக அச்சாயின. அவையும் இதே எழுத்தில்தான் உள்ளன. தமிழ் அச்செழுத்துகளை வார்த்துத் தரங்கம்பாடிக்கு அனுப்பியதும் அதே ஹாலேதான். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தை அந்த அறிக்கைகளின் வழியே ஆராய வரும் மாணவர் ஜெர்மன் மொழி கற்றால் மட்டும் போதாது. ஃப்ராக்டூர் படிக்கவும் பழக வேண்டும். சில வாரங்கள் விடாமல் படித்தால் கண் பழகிவிடும். எழுத்து வடிவமைப்பாளர் சூசானா லிச்கோ 1990-இல் இதையே வாதமாக வைத்தார்: எந்த எழுத்தும் பிறவியிலேயே தெளிவானதாக வருவதில்லை, எதை அதிகம் படிக்கிறோமோ அதையே நன்றாகப் படிக்கிறோம் என்றார். அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் பிளாக்லெட்டரும் ஒன்று.

அவர் சொன்னது பெருமளவுக்குச் சரி. ஆனால் முழுவதும் இல்லை. பழகிய கண்ணுக்கும் பதினைந்து கோடுகள் பதினைந்து கோடுகள்தான். தூரமும் மங்கிய வெளிச்சமும் சேர்ந்தால் பழக்கம் கைகொடுக்காது.

ஒரு சுற்றறிக்கையும் அதன் பின்விளைவும்

இங்கிலாந்தில் இந்த எழுத்து மெல்ல விலகியது. 1611-இல் ஜேம்ஸ் மன்னரின் விவிலியம் பிளாக்லெட்டரில்தான் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் நூல்கள் ரோமன் எழுத்துக்கு, அதாவது இன்று நாம் படிக்கும் வகைக்கு, மாறின. சட்டம், பத்திரம், தேவாலயம் இவற்றில் மட்டும் பழைய எழுத்து தங்கியது. அதனால் அந்த எழுத்தைப் பார்த்தாலே அதிகாரமும் தொன்மையும் நினைவுக்கு வந்தன. பின்னால் வந்த நாளிதழ்கள் தங்கள் பெயருக்கு அதை எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம். நேற்று தொடங்கிய பத்திரிகையும் நெடுநாள் நிலைத்த நிறுவனமாகத் தோற்றமளிக்கலாம்.

ஜெர்மனியிலோ அது ஒரே நாளில் வெட்டப்பட்டது. நாஜிகள் முதலில் ஃப்ராக்டூரை ஜெர்மானிய எழுத்து என்று கொண்டாடினார்கள். பிறகு 1941 ஜனவரி 3 அன்று மார்ட்டின் போர்மன் கையொப்பமிட்ட சுற்றறிக்கை ஒன்று, அது யூதர்களின் எழுத்து என்று சொல்லி அதைக் கைவிட உத்தரவிட்டது. அந்தச் சுற்றறிக்கை அச்சான தாளின் தலைப்பே பிளாக்லெட்டரில் இருந்தது. யூதர்களைப் பற்றிய அந்தக் கூற்று பச்சைப் பொய். படையெடுத்துப் பிடித்த நாடுகளின் மக்களுக்கு இந்த எழுத்தைப் படிக்க வராது என்பதே உண்மைக் காரணமாக இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு.

போர் முடிந்த பிறகும் அந்த எழுத்து பாடநூல்களுக்கும் நாவல்களுக்கும் திரும்பவில்லை. நீண்ட பத்திகளில் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் மறைந்தது. பத்திரிகைப் பெயர், விடுதிப் பலகை, பீர் லேபிள், மருந்துக்கடை முகப்பு என, இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் இல்லாத இடங்களில் மட்டும் பிழைத்தது. எது எங்கே பொருந்தும் என்ற நம் கேள்விக்கு வரலாறே பாதி விடை சொல்லிவிட்டது.

பெயரைப் படிக்க வேண்டுமா, அடையாளம் கண்டால் போதுமா?

மறுபடி ‘நியூயார்க் டைம்ஸ்’ முகப்புக்கு வருவோம். நான்கு சொற்கள், மொத்தம் பதினைந்து எழுத்துகள். எந்தச் சொல்லும் ஐந்து எழுத்தைத் தாண்டவில்லை. ஒவ்வொன்றும் ஒரு பெரிய எழுத்தில் தொடங்குகிறது. மீதி எல்லாம் சின்ன எழுத்து. கோடுகள் குவியும் ஒரே இடம் ‘டைம்ஸ்’ என்ற சொல்லின் நடுவே ‘ஐ’யும் ‘எம்’மும் அடுத்தடுத்து வரும் இடம். அங்கே நான்கு நேர்க்கோடுகள் வரிசையாக நிற்கின்றன. ‘ஐ’யின் புள்ளி முதல் கோட்டைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. மற்ற எழுத்துகள் பெரும்பாலும் உருவத்தில் வேறுபட்டவை. அதோடு இது ஃப்ராக்டூர் வகையும் அன்று. இங்கிலாந்தில் புழங்கிய வகையைச் சேர்ந்தது. அதன் சின்ன எழுத்துகள் இன்றைய ஆங்கில எழுத்துக்குச் சற்று நெருக்கமானவை.

எழுத்துத் தேர்வு நல்லபடி அமைந்தது என்பதைத் தாண்டி இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பெயரை யாரும் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. கடையில் தொங்கும் நாளிதழ்களுக்கு நடுவே அதன் கறுத்த உருவத்தைப் பார்த்ததும் வாசகர் இன்னது என்று கண்டுகொள்கிறார். கைப்பேசியில் அந்தப் பத்திரிகையின் செயலிக்குச் சின்னமாக இருப்பது ‘டி’ என்ற ஒற்றை எழுத்து. அந்த எழுத்தை மட்டும் தனியாக வெட்டி, பத்திரிகையை அறியாத ஒருவரிடம் காட்டினால் அது என்ன எழுத்து என்று சொல்லத் தடுமாறுவார். பத்திரிகையை அறிந்தவருக்கோ ஒரு கணம் போதும்.

பக்க அமைப்பில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. முதல் பக்கம் முழுக்கத் தலைப்புகள். பத்திரிகையின் பெயரும் அதே எழுத்து வகையில் இருந்தால், பெயரும் ஒரு தலைப்புச் செய்தி போலத் தோன்றிக் கீழே உள்ளவற்றோடு போட்டி போடும். ‘நியூயார்க் டைம்ஸ்’ தன் தலைப்புகளைச் செல்டன்ஹாம் என்ற தெளிவான ரோமன் எழுத்தில் போடுகிறது. மேலே பிளாக்லெட்டர், கீழே ரோமன். இரண்டும் கலக்காது. மிகப் பெரிய செய்தி வரும் நாளில் தலைப்பு எவ்வளவு பெரிதானாலும் பெயர் தன் இடத்தை இழக்காது.

இதற்கு நேர்மாறான முடிவை லண்டன் ‘டைம்ஸ்’ எடுத்தது. 1785-இல் வேறு பெயரில் தொடங்கி 1788-இல் இப்பெயர் பெற்ற நாளிதழ் அது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அதன் நெற்றியிலும் கோதிக் எழுத்தே இருந்தது. எழுத்தியல் அறிஞர் ஸ்டான்லி மோரிசன் அந்தப் பத்திரிகைக்காகப் புது எழுத்து ஒன்றை உருவாக்கும் பணியை மேற்கொண்டார். 1932 அக்டோபர் 3 அன்று ‘டைம்ஸ் நியூ ரோமன்’ என்ற அந்த எழுத்தில் பத்திரிகை வந்தது. பெயரும் ரோமனுக்கு மாறியிருந்தது. உள்ளே எழுத்து மாறியதைவிட நெற்றியில் பெயர் மாறியதே வாசகர்களை அதிகம் உறுத்தியது. மோரிசன் பழமைக்கு எதிரானவர் இல்லை. அந்தப் பத்திரிகையின் பெயர் தொடக்கத்தில் ரோமன் எழுத்தில்தான் இருந்தது, கோதிக் பிறகு சேர்ந்த அலங்காரம் என்பதை அவர் பழைய இதழ்களைப் புரட்டிக் கண்டிருந்தார். பத்திரிகை முழுவதற்கும் ஒரே எழுத்துக் குடும்பத்தை அமைத்தபோது நெற்றியில் மட்டும் அந்நியமான ஒன்றை விட்டுவைக்க அவருக்கு மனம் வரவில்லை.

இரண்டு முடிவுகளும் சரியானவை. நியூயார்க்கில் அந்த எழுத்து முதல் நாளிலிருந்து பெயரோடு பிறந்தது. லண்டனில் பின்னால் வந்து ஒட்டியது. மோரிசன் துணிந்ததற்கு அடிப்படை அந்த வேறுபாடு.

‘ஃபிராங்க்ஃபுர்ட்டர் அல்கெமைன’ மூன்றாவது வழியைக் காட்டியது. அது 2007 வரை தன் தலையங்கக் கட்டுரைகளின் தலைப்புகளைக்கூட பிளாக்லெட்டரில் போட்டுவந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அவற்றை மாற்றியது; பெயரை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது. காரணத்தை எவரும் ஊகிக்கலாம். கட்டுரைத் தலைப்பு நாள்தோறும் புதிது. அதைப் படித்தே தீர வேண்டும். பெயர் நாள்தோறும் அதே பெயர்.

மதுக்கடை வாசலில்

பார் பலகையில் கணக்கு கொஞ்சம் மாறும். நாளிதழ் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. பலகையோ தெருவுக்கு எதிர்ப்புறத்திலிருந்து, பெரும்பாலும் இரவில், நடந்துகொண்டே இருப்பவர் கண்ணில் பட வேண்டும்.

பீரும் பிளாக்லெட்டரும் சேர்ந்ததற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. பவேரியாவில் பீரில் என்னென்ன சேரலாம் என்று வரையறுத்த புகழ்பெற்ற ஆணை 1516-இல் வந்தது. பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியனுக்காக ஃப்ராக்டூர் வகைக்கு முன்னோடியான எழுத்தில் செபநூல் அச்சானது 1513-இல். இரண்டும் ஒரே காலத்தவை. அதனால் ஜெர்மன் பீர் தயாரிப்பாளர்கள் தங்கள் தொன்மையைச் சொல்ல இந்த எழுத்தை எடுத்தது இயல்பாகவே பொருந்தியது. லோவன்ப்ராய் லேபிளிலும், மூலிகை மதுவான யேகர்மைஸ்டர் பாட்டிலிலும், மெக்ஸிகோவின் கொரோனாவிலும் இதே குடும்பத்து எழுத்தைப் பார்க்கலாம். தெருவில் ஒரு பலகையில் இந்த எழுத்தைப் பார்த்ததும், பெயர் புரிவதற்கு முன்பே, உள்ளே மரப்பலகைச் சுவரும் பீர்க் குவளையும் இருக்கும் என்று வாடிக்கையாளர் எதிர்பார்க்கிறார்.

அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றும் கடைக்குத்தான் இது பொருந்தும். ஜெர்மன் வகை பீர்க்கூடம், பழைய ஆங்கிலேய பப், கனமான ராக் இசை ஒலிக்கும் பார் இவற்றுக்குச் சரி. கடலோரக் காக்டெயில் கடைக்கோ, ஒயின் பாருக்கோ வைத்தால் பலகை ஒன்று சொல்ல உள்ளே வேறொன்று இருக்கும். ஜெர்மனியில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். நாஜிகள் இதைக் கைவிட்டவர்கள்தான் என்றாலும், அவர்களின் தொடக்க காலச் சுவரொட்டிகளால் இந்த எழுத்தின் மீது ஒரு கறை படிந்திருக்கிறது. இன்றைய தீவிர வலதுசாரிக் குழுக்கள் அதைப் பயன்படுத்துவதும் உண்டு. அதிலும் 1930-களில் வந்த, அலங்காரம் நீக்கிய விறைப்பான வகைகள் அந்த நினைவை உடனே கிளப்பும். விடுதிக்கு வேண்டியது சற்று வளைவும் கொடியோட்டமும் உள்ள பழைய வகை.

ஒரு பெயரை எடுத்துப் பார்ப்போம். ஜெர்மன் ஊர்களில் ‘காஸ்ட்ஹவுஸ் ஸொன்ன’ என்ற பெயரில் விடுதிகள் சாதாரணம். காஸ்ட்ஹவுஸ் என்றால் விடுதி. ஸொன்ன என்றால் சூரியன். இதை ஃப்ராக்டூரில் எழுத நினைத்ததும் மூன்று சிக்கல்கள் எழும்.

முதலாவது, இரண்டு சொற்களின் முதல் எழுத்துகளான ‘ஜி’யும் ‘எஸ்’உம். பல ஃப்ராக்டூர் வகைகளில் இவ்விரண்டின் பெரிய எழுத்துகளும் ஏறக்குறைய ஒரே உடலமைப்பு. ஆகவே அச்செழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தெளிவாக வேறுபடும் வகையை எடுக்க வேண்டும். இரண்டாவது, ‘காஸ்ட்’ என்பதன் நடுவே வரும் ‘எஸ்’. பழைய விதிப்படி அது நெடிய ‘எஸ்’. சொல்லின் இறுதியில் வருவது மட்டுமே வளைந்த ‘எஸ்’. விதியைப் பின்பற்றினால் இன்றைய வழிப்போக்கர் ‘காஃப்ட்ஹவுஸ்’ என்று படிப்பார். இன்றைய பலகைகளில் பெரும்பாலும் இரண்டு இடத்திலும் வளைந்த ‘எஸ்’ஸே இருக்கிறது. மரபறிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பலகை வழிப்போக்கருக்கானது, எனவே அதுவே சரி. மூன்றாவது, ‘ஸொன்ன’வில் இரண்டு ‘என்’ அடுத்தடுத்து வருகின்றன. நான்கு சமமான நேர்க்கோடுகள். புள்ளியின் துணையும் இல்லை. இங்கே வரைபவர் இரு எழுத்துக்கும் இடையே ஒரு மயிரிழை அளவு கூடுதல் இடம் விட்டு, எழுத்துக்குள் கோடுகளை இணைக்கும் பகுதியைச் சற்றுத் தடிமனாக்க வேண்டும். அப்படிச் செய்தால் நான்கு கோடுகள் இரண்டு இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

இனி அளவு. பலகை செய்பவர்களிடம் ஒரு பொது விதி உண்டு: மூன்று மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் உயரம். தெருவின் எதிர்ப்புறம் 15 மீட்டர் தள்ளி இருந்தால் எழுத்து 125 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். அது தெளிவான, சாதாரண எழுத்துக்கான கணக்கு. பிளாக்லெட்டருக்கு ஒன்றரை மடங்கிலிருந்து இரு மடங்கு வரை வைத்துக்கொள்வது பாதுகாப்பு. உயரத்தை அளக்கும்போது பெரிய எழுத்தை அளக்கக் கூடாது. சின்ன எழுத்தின் உடலை அளக்க வேண்டும், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் வருகிறது.

வெளிச்சமும் இந்த எழுத்துக்குப் பகை. உள்ளிருந்து ஒளிரும் எழுத்துகளில் வெளிச்சம் ஓரங்களைத் தாண்டிக் கசியும். சாதாரண எழுத்தில் அது பெரிதாகத் தெரியாது. பிளாக்லெட்டரில் கோடுகளுக்கு நடுவே இருக்கும் ஒடுங்கிய இடைவெளி கசிந்த ஒளியால் நிரம்பி, சொல் முழுவதும் ஒரே வெளிச்சக் கட்டியாகிவிடும். நியான் குழாயில் தொல்லை வேறு வகை. குழாய் முழுக்க ஒரே தடிமன். தடித்த கோடு, மெல்லிய கோடு என்ற வேறுபாட்டை அதால் காட்ட முடியாது. எழுத்தின் புறக்கோட்டை மட்டும் குழாயால் வளைத்தால் கோடுகள் இரட்டிப்பாகிக் குழப்பமும் இரட்டிப்பாகும். நல்ல வழி பழைய வழிதான்: கறுத்த பலகையில் பொன்னிறத்திலோ வெள்ளையிலோ எழுத்தைத் தீட்டி, வெளியிலிருந்து விளக்கு அடிப்பது.

அதிகம் நடக்கும் பிழைகள்

இரண்டு பிழைகளை மட்டும் சொல்ல வேண்டும். முதலாவது, பெயர் முழுவதையும் பெரிய எழுத்துகளில் போடுவது. பிளாக்லெட்டரின் பெரிய எழுத்து சொல்லின் வாசலில் ஒன்று நிற்பதற்காக வரையப்பட்டது. அதனால்தான் அதற்குள் இத்தனை வளைவு, உள்கோடு, கொடி. அவற்றில் ஏழெட்டை வரிசையாக நிறுத்தினால் எதுவும் எதனோடும் சேராது, சொல்லாகவே உருவாகாது. கார்களின் பின்கண்ணாடியிலும் டி-சட்டைகளிலும் இதை நிறையப் பார்க்கலாம். அவற்றைச் சொந்தக்காரரைத் தவிர வேறு யாரும் படிப்பதில்லை.

இரண்டாவது, படிக்கச் சிரமமாக இருக்கிறதே என்று எழுத்துகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுவது. சாதாரண எழுத்தில் கொஞ்சம் இடைவெளி உதவும். பிளாக்லெட்டரில் எழுத்துக்குள்ளும் வெளியிலும் இடைவெளி சமமாக இருப்பதால்தான் சொல் ஒன்றாக நிற்கிறது. அதைப் பிரித்தால் ‘எம்’ தனியே, ‘ஐ’ தனியே என்று கோட்டுத் துண்டுகள் சிதறும். ‘ஸொன்ன’வுக்குச் சொன்னது ஒரு மயிரிழை, அதற்கு மேல் போனால் கெட்டுவிடும்.

தேர்வு சரியா என்று அறிய எளிய சோதனை ஒன்று போதும். பெயரை உண்மையான அளவில் தாளில் அச்சிட்டு, உண்மையான தூரத்தில் ஒட்டுங்கள். பெயரை அறியாத ஒருவருக்கு இரண்டு விநாடி காட்டிவிட்டு மறைத்து, என்ன எழுதியிருந்தது என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் கவலையில்லை. முதல் எழுத்தைத் தவறாகச் சொன்னால் வகையை மாற்ற வேண்டும். நடுவே தடுமாறினால் இடைவெளியைத் திருத்த வேண்டும். ‘ஏதோ பழைய கடை போல இருந்தது’ என்று மட்டும் சொன்னால், எழுத்து சூழலைச் சொல்லிவிட்டது, பெயரைச் சொல்லவில்லை என்று பொருள். ஊருக்கே தெரிந்த கடைக்கு அதுவே போதும். நேற்று திறந்த கடைக்குப் போதாது. அந்தப் பெயரைத் தெளிவான எழுத்தில் சிறியதாகக் கீழே ஒருமுறை போட்டாக வேண்டும்.

பத்திரிகையானாலும் பாரானாலும் நிபந்தனைகள் ஒன்றுதான். பெயர் இரண்டிலிருந்து நான்கு சொற்களுக்குள், குறுகியதாக இருக்கட்டும். கோடுகள் குவியும் எழுத்துகள் அதில் குறைவாக இருக்கட்டும். சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும். அந்த எழுத்து சொல்லும் தொன்மைக்கு உள்ளே ஏதாவது சான்று இருக்கட்டும். விலைப்பட்டியல், திறக்கும் நேரம், முகவரி, தலைப்புச் செய்தி என்று படித்தே ஆக வேண்டிய எதையும் அதில் எழுத வேண்டாம். பிளாக்லெட்டர் ஏற்கெனவே தெரிந்த பெயரை நினைவூட்டுவதில் வல்லது. தெரியாததைத் தெரிவிப்பதற்கு வேறு எழுத்துகள் இருக்கின்றன.